ஒரு லிட்டர் தண்ணீரும் ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸும்

இந்த முறை சென்னைக்குப் போனது மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு. அது நன்றாகவே நடந்தது, எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு ஸ்கேன் சென்டரில் நடந்த கூத்தைப் பற்றி.

தங்கை அப்போது ஏழு வாரக் கர்ப்பம். செவ்வாய்க்கிழமை காலை லேசாகக் காப்பிப் பொடி நிறத்தில் ரத்தம் பட்டது. லண்டனில் எனக்கு இப்படி ஆனபோது நான் போன் போட்டுப் போட்டு, மறுநாள் மதியம்தான் ஸ்கேனுக்கு நேரம் வாங்கினேன். இங்கே பத்தரைக்கு ஆட்டோ ஏறினோம், பதினொன்றுக்கு டோக்கன் கையில். அந்த வேகத்தைப் பார்த்து எனக்கே ஊர்ப் பெருமை பொங்கியது.

பிறகு வழக்கமான சடங்கு. ஒரு லிட்டர் பாட்டிலை வாங்கிக் குடி, முட்டிக்கொண்டு வந்தால் சொல்லு. தங்கை குடித்துவிட்டுக் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தார்கள், நான்கே நிமிடம். கரு 4.8 மில்லிமீட்டர், துடிப்பு இல்லை. ரிப்போர்ட்டில் 'மிஸ்டு அபார்ஷன்' என்று டைப் அடித்து வந்தது. அதே கட்டிடத்தில் மாடியில் இருந்த டாக்டர் தலை நிமிராமல், "நாளைக்கு ஏழு மணிக்கு வெறும் வயித்தோட வாங்க, டி அண்ட் சி பண்ணிடலாம்" என்றார். கவுண்டரில் ஐயாயிரம் அட்வான்ஸ். மாப்பிள்ளை பதற்றத்தில் ஜிபே பண்ணியே விட்டார். மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

வீட்டில் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "அபார்ஷன்னு போட்டிருக்காங்களேடி, நாம எங்கடி கலைக்கச் சொன்னோம்?" என்று அழ ஆரம்பித்தாள். தானாகக் கலைவதற்கும் இங்கே ஃபைலில் அந்தச் சொல்தான். லண்டனில் அதற்கு மிஸ்கேரேஜ் என்றே எழுதுவார்கள். இதை அம்மாவுக்குப் புரியவைப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

எனக்கு உறுத்தியது அந்த 4.8. 2021-இல் என் விஷயத்தில் அங்கே ஒரு நர்ஸ் உட்கார வைத்துச் சொன்னது நினைவிருந்தது. பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் உள்வழி ஸ்கேனில் கரு 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து துடிப்பு இல்லையென்றால்தான் முடிந்துவிட்டது என்று பேசவே தொடங்குவார்களாம், அதையும் இன்னொருவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதைவிடச் சின்னதாக இருந்தால் குறைந்தது 7 நாள் கழித்து மறுபடி ஸ்கேன். வயிற்றின் மேல் வைத்து மட்டும் பார்த்திருந்தால் 14 நாள். இவளுக்கோ மாதவிலக்கு நாற்பது நாளுக்கு ஒருமுறைதான் வரும். கருவே தாமதமாகத் தங்கியிருந்தால் நாம் ஏழு வாரம் என்று எண்ணுவது உண்மையில் ஐந்தரை வாரமாக இருக்கலாம். அந்தப் பருவத்தில் துடிப்பு தெரியாமல் போவதில் அதிசயமில்லை. நாளைக் காலை ஏழு மணிக்கு என்ன அவசரம்?

சாயங்காலம் அம்மாவுக்குத் தெரிந்த ஒரு வயதான லேடி டாக்டரிடம் போனோம். வீட்டு முன்னறையிலேயே கிளினிக், பிளாஸ்டிக் நாற்காலி, வாசலில் செருப்புக் குவியல். அந்தம்மா சொன்ன முதல் வார்த்தை: "பாத்ரூம் போயிட்டு வாம்மா." உள்வழி ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். காலையில் குடித்த ஒரு லிட்டரை நினைத்து தங்கை அந்த நேரத்திலும் சிரித்துவிட்டாள்.

உள்வழியில் 5.1, துடிப்பு இல்லை. கருப்பை வாய் மூடியிருந்தது. அந்தம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கம் பேனாவை வைத்துக்கொண்டு சொன்னதை அப்படியே தருகிறேன். "நான் பார்க்கறது ரெண்டே கேள்விம்மா. வாய் மூடியிருக்கா, திறந்திருக்கா? உள்ளே துடிப்பு இருக்கா? ரத்தம் படுது, வாய் மூடியிருக்கு, துடிப்பு இருக்குன்னா அது த்ரெட்டன்ட். பயமுறுத்துது, அவ்வளவுதான். நிறைய பேருக்கு அது நின்னு குழந்தை நல்லா பொறக்கும். வாய் மூடியிருக்கு, துடிப்பு நின்னுபோச்சுன்னா மிஸ்டு. உடம்புக்கே இன்னும் சேதி போகலைன்னு வெச்சுக்கோ. உன் பொண்ணு ரெண்டுல எதுன்னு இன்னிக்கு யாராலயும் சொல்ல முடியாது."

அம்மா உடனே, காலுக்குத் தலையணை வைத்துப் படுக்க வைக்கட்டுமா, ஊசி போடலாமா என்றாள். படுத்துக் கிடந்து எந்தக் கருவும் நின்றதில்லை என்றார். புரொஜெஸ்டிரோன் மாத்திரையும் ரத்தம் பட்டு, முன்பு ஒருமுறையாவது கலைந்து, ஸ்கேனில் கரு உள்ளே இருப்பது தெரிந்தவர்களுக்குத்தான் ஓரளவு உதவும், எல்லோருக்கும் அள்ளிக் கொடுப்பது வீண் என்றார். நான் லண்டன் என்றதும், "உனக்கு எப்படி ஆச்சு?" என்று கேட்டார். எனக்கு ஒன்பது வாரத்தில் வலியும் ரத்தமும் சேர்ந்து வந்தது, வாய் திறந்துவிட்டது என்றார்கள் என்றேன். "அது இனெவிட்டபிள். திறந்தாச்சுன்னா மூட வைக்க மருந்தில்லை. வெளியே வர விடணும், ரத்தம் எவ்வளவு போகுதுன்னு பார்த்துக்கணும்." உண்மைதான். எனக்கு அங்கே வலி மாத்திரையும் ஒரு போன் நம்பரும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது அதை அநியாயம் என்று நினைத்தேன்.

அந்த ஏழு நாள் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். கரு உயிரோடு இருந்தால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வளர வேண்டும், ஆக 12 பக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது 5.3. துடிப்பு இல்லை. அந்தம்மா இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். முதல் சென்டர் சொன்னதுதான் கடைசியில் சரி. ஆனால் அன்றைக்கு அவர்களுக்கே அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அதுதான் என் கோபம். அம்மா மகாபலிபுரம் கார்ப் பயணத்தைக் குற்றம் சொன்னாள். இந்த ஆரம்ப வாரங்களில் கலைவதில் ஏறக்குறைய பாதி குரோமோசோம் கோளாறு, ஸ்பீடு பிரேக்கருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் வெட்டிப் பேசினார்.

மூன்று வழி சொன்னார். தானாக வரக் காத்திருக்கலாம், மாத்திரை போடலாம், உறிஞ்சி எடுக்கலாம். தங்கை மாத்திரை என்றாள். முதலில் மிஃபெப்ரிஸ்டோன் ஒன்று, 48 மணி நேரம் கழித்து மிசோப்ரோஸ்டால் நான்கு. இரண்டாவதை கிளினிக்கிலேயே வைத்து, வலி குறைய ஒரு மாத்திரையும் கொடுத்தார். மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் முழுசாக நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்பு, காய்ச்சல் வந்தாலும் அப்படியே என்று எழுதியே கொடுத்தார்.

ராத்திரி கட்டியாகப் போனது, முடிந்தது என்று நினைத்தோம். மூன்றாம் நாளும் வலி விட்டு விட்டு வந்தது, ரத்தம் குறையவில்லை. திரும்பப் போனால் வாய் திறந்திருக்கிறது, கொஞ்சம் திசு வாயிலேயே சிக்கியிருக்கிறது. "இப்போ இது இன்கம்ப்ளீட்" என்றார். சிக்கியதை இடுக்கியால் எடுத்ததுமே ரத்தம் பாதியாகக் குறைந்ததை நானே பார்த்தேன். உள்ளே மிச்சம் ஸ்கேனில் தெரிந்தது. இன்னொரு சுற்று மாத்திரை போடலாம், அல்லது கையால் இயக்கும் சிரிஞ்சில் உறிஞ்சலாம். தங்கைக்குப் பொறுமை போய்விட்டது. மரத்துப்போக ஊசி போட்டு, கால் மணி நேரத்தில் முடித்து, சாயங்காலம் தயிர்சாதம் சாப்பிட்டாள். கூர்கரண்டியால் சுரண்டும் பழைய டி அண்ட் சியை விட்டுவிட்டு இப்படி உறிஞ்சத்தான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. மாடி டாக்டர் என்னவோ இன்னும் சுரண்டலிலேயே இருக்கிறார்.

மூன்று வாரம் கழித்து வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தார். ஒற்றைக் கோட்டுப் படத்தைத் தங்கை வாட்ஸாப்பில் அனுப்பியபோது நான் ஹாரோவில் பஸ்ஸில் இருந்தேன். அப்புறம் அந்த ஐயாயிரம். "சிஸ்டம்ல போட்டாச்சு சார், பத்து வேலை நாள்" என்றார்களாம் மாப்பிள்ளையிடம். இது ஏழாவது வாரம்.