ராஸ்பெர்ரி பையோட ரிலே போர்டா, சுவிட்ச் பாக்ஸ்ல வைஃபை ரிலேயா?

ரெண்டுலயும் வீட்டு லைட், ஃபேன டைம் பாத்து ஆன் ஆஃப் பண்றது பைங்கற குட்டி கம்ப்யூட்டர் தான், ஃபோன்ல ஹோம் அசிஸ்டன்ட் ஆப்ல நேரத்த மாத்திக்கலாம், ரிலே எங்க உக்காருதுங்கறது தான் வித்தியாசம்.

வயரிங்
போர்டு: ஒவ்வொரு லைட், ஃபேன் வயரும் பை இருக்கற எடத்துக்கு வரணும்.
வைஃபை: சுவிட்ச் பாக்ஸுக்குள்ளயே அடங்கிடும், ஆனா அங்க நியூட்ரல் வயர் வேணும்.

செலவு
போர்டு சீப், வைஃபை ரிலே ரூமுக்கு ரூம் தனியா வாங்கணும்.

பை ஹேங் ஆனா
போர்டு: ரிலே ஆஃப்ல நின்னுட்டா சுவர் சுவிட்ச போட்டாலும் லைட் எரியாது.
வைஃபை: ரிலேல S1, S2ன்னு இருக்கற முனைகள்ல சுவர் சுவிட்ச மாட்டிருந்தா கையால போடலாம், வயசானவங்க இருக்கற வீட்டுக்கு இது ஒண்ணே போதும்.

கரண்ட் கட் ரெண்டுக்கும் தலைவலி. பை 4 வரைக்கும் உள்ள பேட்டரி கடிகாரம் கெடையாது, 4 மணிக்கு போன கரண்ட் 6 மணிக்கு வந்து நெட் மட்டும் வரலன்னா பைக்கு இன்னும் கிட்டத்தட்ட 4 மணி தான், 6 மணி லைட் 8 மணிக்கு எரியும். DS3231ங்கற பேட்டரி கடிகார மாட்யூல பைல மாட்டிடுங்க.

ஃபேன் ஸ்பீடு ரெண்டுலயும் மாறாது, ரெகுலேட்டர் தான்.

ஒரே ரூம், பால்கனி லைட்டுன்னா போர்டு. வீடு முழுக்கன்னா வைஃபை, 230 வோல்ட் வேலைய எலக்ட்ரீஷியன்கிட்ட விட்டுருங்க.