இலவச ஓவியப் பணியை மறுக்கும் கடிதம்: கட்டணத்தை எப்படிக் குறிப்பிடுவது?

சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றுக்கு 12 முழுப்பக்க ஓவியங்களும் ஓர் அட்டைப்படமும் தேவை, பணம் தர இயலாது, ஆனால் புத்தகத்தில் உங்கள் பெயர் வரும், பலர் உங்களை அறிந்துகொள்வார்கள் என்று ஓர் அழைப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். தனித்துப் பணியாற்றும் ஓவியர் ஒருவர் இதை மறுத்து எழுதும் கடிதத்தில் மறுப்பு இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிட வேண்டும். "அழைத்தமைக்கு நன்றி. ஊதியமில்லாத பணிகளை நான் ஏற்பதில்லை, இந்தப் பணிக்கான என் கட்டணத்தைக் கீழே தருகிறேன்" என்பதே போதும். பெயர் பரவுவதால் பயன் உண்டா இல்லையா என்று வாதிடத் தொடங்கினால், எதிர்த்தரப்பும் அதே வாதத்தில் இறங்கும். கட்டணம் பேசப்படாமலே போகும்.

கடினமான பகுதி அதற்குப் பின்தான் வருகிறது. கட்டணத்தை மணிக்கணக்கில் சொல்லலாம், ஓவியத்துக்கு இவ்வளவு என்று சொல்லலாம், பயன்பாட்டு உரிமையை வைத்தும் சொல்லலாம்.

மணிக்கணக்கு நேர்மையாகத் தோன்றினாலும் மறுப்புக் கடிதத்துக்கு அது பொருந்துவதில்லை. இலவசமாகக் கேட்டவர் செலவைப் பற்றி எந்தக் கணிப்பும் இல்லாமல் வந்தவர். அவருக்கு ஒரு மணி நேரத் தொகையை மட்டும் கொடுத்தால் மொத்தம் எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் அஞ்சி விலகுவார். ஓவியருக்கும் இதில் இழப்பு உண்டு, ஏனெனில் கை தேர்ந்து வேகம் கூடக் கூட, அதே ஓவியத்துக்கு அவர் பெறும் தொகை குறைகிறது. ஆனாலும் தன் மேசையில் அவர் மணிக்கணக்கைப் போட்டே ஆக வேண்டும். ஒரு முழுப்பக்கத்துக்குச் சிறு மாதிரிக் கோடுகள் 1 மணி, பென்சில் வரைவு 2 மணி, வண்ணம் 5 மணி என்றால் 12 பக்கங்களுக்கு 96 மணி ஆகிறது. அட்டைக்கு 12 மணி சேர்த்தால் 108. இந்தக் கணக்கு அவருடைய குறிப்பேட்டில் இருக்கட்டும், கடிதத்தில் வர வேண்டியதில்லை.

ஓவியத்துக்கு இவ்வளவு என்று எழுதும்போது கேட்பவர் உடனே கூட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம். நான் பரிந்துரைப்பது இதைத்தான், ஆனால் அந்த விலைக்குள் எது அடங்கும் என்பதையும் எழுதிய பிறகே. இல்லாவிட்டால் திருத்தங்கள் அந்த விலையைத் தின்றுவிடும். வண்ணம் முடிந்த பக்கத்தில் சிறுமியின் சட்டையைச் சிவப்பிலிருந்து நீலமாக மாற்றுவது, அடுக்குகளாக வரைந்த கோப்பில் சில நிமிட வேலை. அவள் முகத்தை மறுபக்கம் திருப்பச் சொன்னால் முடி, நிழல், ஒளி விழும் திசை, அவள் பின்னால் மறைந்திருந்த சுவர் வரை மீண்டும் வரைய வேண்டும். ஆகவே "பென்சில் வரைவில் 2 சுற்றுத் திருத்தங்கள் கட்டணத்தில் அடங்கும், வரைவை நீங்கள் ஒப்புக்கொண்ட பின் அமைப்பை மாற்றினால் தனிக் கட்டணம்" என்ற வரி அவசியம். முன்பணம் எவ்வளவு, பணி பாதியில் நிறுத்தப்பட்டால் எவ்வளவு தர வேண்டும் என்பவையும் இதே இடத்தில் வரலாம்.

உரிமை அடிப்படையிலான கட்டணம் கொள்கையளவில் மிக நியாயமானது. ஒரே ஓவியம் ஒரு பதிப்போடு நின்றுவிடுவதும், பைகளிலும் நாட்காட்டிகளிலும் ஆண்டுக்கணக்கில் விற்கப்படுவதும் ஒன்றல்ல. எனினும் முதல் கடிதத்திலேயே உரிமைப் பட்டியலை நீட்டினால், ஓவியத்தை விலைக்கு வாங்கியே பழகாதவர் குழம்பிப்போவார். ஓவிய விலைக்குக் கீழே "இந்தக் கட்டணம் இப்புத்தகத்தின் முதல் அச்சுப் பதிப்புக்கு மட்டும், பிற பயன்பாடுகளுக்குத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்" என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் இம்முறையின் பயன் பெருமளவு கிடைத்துவிடும்.

உண்மையாகவே பணம் குறைவாக உள்ளவர்களும் இப்படிக் கேட்பதுண்டு. அவர்களுக்குத் தள்ளுபடி தருவதா, பணியைச் சுருக்குவதா என்ற கேள்வியில் நான் சுருக்குவதன் பக்கமே நிற்கிறேன், ஏனெனில் ஒருமுறை தந்த தள்ளுபடி விலையே அடுத்த பணிக்கும் எதிர்பார்க்கப்படுகிறது. 12 முழுப்பக்கங்களுக்குப் பதிலாக 5 முழுப்பக்கங்களும், தலா 2 மணி நேரம் பிடிக்கும் 7 சிறு ஓவியங்களும், அட்டையும் என்று மாற்றினால் 108 மணி நேரம் 66 ஆகக் குறைகிறது. ஓவியரின் விலை குறையாமலே மொத்தச் செலவு ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகிறது. இந்த மாற்று வடிவத்தை முழுப் பணியின் மொத்தத் தொகைக்கு அடுத்த பத்தியில் அதன் தொகையோடு எழுதி, இரண்டு தொகைகளும் 30 நாட்களுக்குச் செல்லும் என்று குறிப்பிட்டுக் கடிதத்தை முடிக்கலாம்.