பின்கதவின் ஞாபகம்: சைல்டு லாக், பின்சீட் எச்சரிக்கை, நான்கு வருட அனுபவம்

நான்கு வருடத்தில் இரண்டு வண்டிகள் ஓட்டியிருக்கிறேன். முதல் வண்டியில் இருந்தது வெறும் ரியர் சீட் ரிமைண்டர், அதாவது குழந்தையைப் பின்சீட்டில் மறந்துவிட்டுப் போகாமலிருக்க என்ஜினை அணைக்கும்போது நினைவூட்டும் மணி. இப்போது இருக்கும் வண்டியில் அதோடு, பூட்டிய வண்டிக்குள் அசைவு இருக்கிறதா என்று பார்க்க, கூரையில் ஓர் அல்ட்ராசானிக் சென்சாரும் உண்டு. பின்கதவை உள்ளிருந்து திறக்க விடாத சைல்டு லாக் இரண்டிலுமே இருந்தது. முதல் வண்டி வாங்கியபோது மகனுக்கு ஒரு வயது, இப்போது ஐந்து. இந்த மூன்று வசதிகளையும் ஏறக்குறைய தினமும் பயன்படுத்தியிருக்கிறேன், ஒவ்வொன்றிலும் ஒரு தடவையாவது ஏமாந்தும் இருக்கிறேன்.

முதலில் ரிமைண்டர். இதைப் பற்றி எனக்கிருந்த எண்ணமே தப்பு. பின்சீட்டில் குழந்தை இருப்பது வண்டிக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதற்கு ஒன்றும் தெரியாது. பின்கதவு எப்போது திறந்தது, எப்போது மூடியது என்பதை மட்டும்தான் அது ஞாபகம் வைத்திருக்கிறது. வண்டியை எடுக்கும் முன் பின்கதவு திறந்து மூடப்பட்டதா? அப்படியானால் யாரையோ எதையோ பின்னால் வைத்திருக்கிறார்கள், நிறுத்தும்போது சொல்லிவிடுவோம். அவ்வளவுதான் அதன் கணக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் 2016-இல் இந்த வசதியைக் கொண்டுவந்தபோதும் இதே கணக்குதான்: கிளம்புவதற்கு முந்தைய 10 நிமிடங்களிலோ, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதோ பின்கதவு திறந்து மூடப்பட்டிருந்தால், என்ஜினை அணைக்கும்போது ஐந்து முறை மணி அடிக்கும், திரையில் பின்சீட்டைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி வரும். என் முதல் வண்டியிலும் ஏறக்குறைய இதேதான்.

இதில் இருக்கும் ஓட்டை எனக்குத் தெரிய எட்டு மாதம் ஆனது. ஒருநாள் காலை 8:40-க்கு மகனைப் பின்னால் அவன் சீட்டில் கட்டிவிட்டுக் கிளம்பினேன், மனைவி முன்னால். வழியில் பெட்ரோல் போட நிறுத்தி என்ஜினை அணைத்தேன். மணி அடித்தது. பையன் தூங்கிக்கொண்டிருந்தான். நாங்கள் வண்டியை விட்டு நகரவில்லை. பெட்ரோல் போட்டதும் மறுபடி ஸ்டார்ட் செய்து, 9:20-க்குப் போய்ச் சேர்ந்தோம். என்ஜினை அணைத்தேன். மணி இல்லை, திரையில் ஒரு வரியும் இல்லை. மனைவி பக்கத்தில் இருந்ததால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எட்டு மாதமாக ஒவ்வொரு தடவையும் கேட்டுப் பழகிய சத்தம் வராதது உறுத்தியது. கெட்டுப்போய்விட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் குழந்தை இல்லாமல் காலி வண்டியில் மூன்று விதமாகச் சோதித்துப் பார்த்தேன். பின்கதவைத் திறந்து மூடி, உடனே ஸ்டார்ட் செய்து அணைத்தேன், மணி அடித்தது. பின்கதவைத் தொடாமல் மறுபடி ஸ்டார்ட் செய்து அணைத்தேன்; சத்தமே இல்லை. கடைசியாக, பின்கதவைத் திறந்து மூடிவிட்டுக் கால் மணி நேரம் வெளியே நின்று, பிறகு ஸ்டார்ட் செய்து அணைத்தேன். அப்போதும் சத்தம் இல்லை. ஆக எதுவும் கெட்டுப்போகவில்லை. ஒரு முறை மணி அடித்ததும் அந்த ஞாபகம் அழிந்துவிடுகிறது. அடுத்த ஓட்டத்துக்குப் பின்கதவு மறுபடி திறந்தால்தான் கணக்கு புதிதாகத் தொடங்கும். பெட்ரோல் பங்கில் அடித்த மணியோடு அன்றைய வேலையை அது முடித்துக்கொண்டது. நான் வீணாகக் கேட்ட மணி அது. தேவைப்பட்ட இடத்தில் வரவில்லை. கையேட்டில் இது எழுதியிருக்கிறது, சின்ன எழுத்தில், நான் படிக்காத பக்கத்தில்.

இதைக் கண்டுபிடித்த பிறகு நான் செய்தது மிகச் சின்ன மாற்றம். நடுவில் எங்கே நிறுத்தினாலும், மறுபடி ஏறும் முன் ஒரு பின்கதவைத் திறந்து மூடிவிட்டு ஏறுவேன். வெறுமனே திறந்து மூடுவது மறந்துபோகும் என்பதால் என் தோள்பையைப் பின்சீட்டில் வைக்கத் தொடங்கினேன். பையைப் பின்னால் வைத்தால் இறங்கும்போது பின்னால் பார்ப்போம் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய லாபம் வேறு: பையை வைக்கப் போனால் பின்கதவு தானாகவே திறந்து மூடிவிடுகிறது, வண்டிக்கும் ஞாபகம் வந்துவிடுகிறது.

இரண்டாவது வண்டியில் இருப்பதன் பெயர் திரையில் `Rear Occupant Alert`. என் வண்டியில் இதை `Setup`, பிறகு `Vehicle Settings`, அதற்குள் `Convenience` என்று போனால் பார்க்கலாம். மற்ற வண்டிகளிலும் வாகன அமைப்புகளுக்குள்தான் எங்காவது இருக்கும். இது இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. என்ஜினை அணைத்து ஓட்டுநர் கதவைத் திறந்ததும் `Check rear seats` என்று மீட்டர் திரையில் வரும். இது பழையபடி கதவுக் கணக்குதான். நாம் இறங்கி எல்லாக் கதவுகளையும் பூட்டிய பிறகு இரண்டாவது கட்டம் தொடங்கும். கூரையில் இருக்கும் சென்சார் நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, உள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்க்கும். அசைவு தெரிந்தால் ஹாரன் சுமார் 25 விநாடி அலறும். அசைவு தொடர்ந்தால் எட்டு முறை வரை திரும்ப அலறும். பூட்டியதிலிருந்து 24 மணி நேரம் இந்தக் காவல் உண்டு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். கையேட்டை இந்த முறை ஒழுங்காகப் படித்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது: முதல் அறிவிப்பு வந்த பிறகுதான் இரண்டாவது. அதாவது அந்தச் சென்சாரை எழுப்பிவிடுவதும் கதவுக் கணக்குதான். பின்கதவு திறந்ததாக வண்டிக்கு ஞாபகம் இல்லாவிட்டால் கூரையில் சென்சார் இருந்தும் பயனில்லை. அதனால் தோள்பை இப்போதும் பின்சீட்டில்தான்.

சென்சாரைச் சோதிக்க நானே பின்னால் உட்கார்ந்தேன், மனைவி வெளியிலிருந்து பூட்டினாள். கையை உயர்த்தினேன், ஹாரன் அலறியது, தெருவே திரும்பிப் பார்த்தது. திறந்து, மறுபடி பூட்டச் சொல்லி, இந்த முறை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் ஆகியும் எதுவும் வரவில்லை. அல்ட்ராசானிக் சென்சாரின் எல்லை இங்கேதான் இருக்கிறது. அது பார்ப்பது அசைவை, ஆளை இல்லை. அயர்ந்து தூங்கும் கைக்குழந்தை, அதுவும் பின்னோக்கிய சீட்டில் மேல்மூடியை இழுத்துவிட்டிருந்தால், அதன் கண்ணுக்குப் படாமல் போகலாம். மூச்சில் மார்பு ஏறி இறங்குவதையே பிடிக்கக்கூடிய ராடார் வகை சில புதிய வண்டிகளில் வருகிறது. ஐரோப்பாவில் வண்டிகளின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் 2023-இல் குழந்தை இருப்பதைக் கண்டறியும் வசதிக்கு மதிப்பெண் தரத் தொடங்கி, 2025 முதல் கதவுக் கணக்கை மட்டும் நம்பும் வகைக்கு அதை நிறுத்திவிட்டது. நான்கு வருடம் ஓட்டியவன் என்ற முறையில் அது சரியான முடிவு என்றே சொல்வேன்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தால் காற்றும் வெளி அசைவும் உள்ளே போய், யாருமே இல்லாமல் ஹாரன் அடிக்கும். எனக்கு இரண்டு தடவை நடந்தது. காற்றோட்டத்துக்கு ஒரு விரல் அளவு இறக்கி வைப்பதால் பெரிய பலனும் இல்லை. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் முதல் 10 நிமிடத்திலேயே வெப்பம் சுமார் பத்து டிகிரி செல்சியஸ் கூடிவிடும், சற்றே இறக்கிய ஜன்னல் அதைத் தடுப்பதில்லை. பெரியவர் யாராவது பின்னால் காத்திருக்கும்போது பூட்டிவிட்டுப் போக வேண்டியிருந்தால், `Check rear seats` வரும்போதே ஸ்டீயரிங்கில் `OK` அழுத்தினால் அந்த ஒரு தடவைக்கு மட்டும் ஹாரன் வராது. மெனுவில் போய் அணைப்பதைவிட இதுதான் நல்லது. மெனுவில் அணைத்ததை மறுபடி போட யாருக்கும் ஞாபகம் வராது.

சைல்டு லாக்குக்கு வருகிறேன். இது எளிமையானது, ஆனால் இதில்தான் குழப்பம் அதிகம். பழைய வண்டியில் பின்கதவைத் திறந்தால் அதன் விளிம்பில், பூட்டுக்குக் கொஞ்சம் மேலே, குழந்தைப் படம் போட்ட ஒரு சின்ன நெம்பு இருக்கும். சில வண்டிகளில் நெம்புக்குப் பதில் சாவியை நுழைத்துத் திருப்பும் துளை இருக்கும். கதவு மூடியிருந்தால் அது கண்ணில் படாது. இடது, வலது இரண்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். போட்டுவிட்டால் உள்கைப்பிடி வேலை செய்யாது, வெளிக்கைப்பிடி எப்போதும்போல் திறக்கும். ஓட்டுநர் போடும் சென்ட்ரல் லாக் இதற்கு ஈடாகாது. பல வண்டிகளில் உள்கைப்பிடியை ஒரு தடவையோ இரண்டு தடவையோ இழுத்தால் அந்தப் பூட்டு விடுபட்டுவிடும்.

என் மகன் மூன்று வயதில் ஓடும் வண்டியில் கைப்பிடியை இழுத்தான். நல்லவேளையாகச் சிக்னலில் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். கதவு ஒரு கை அளவு திறந்தது. நெம்பு போட்டிருக்கிறேன் என்று சத்தியம் செய்திருப்பேன். பார்த்தால் அது மேலே தள்ளப்பட்டிருந்தது. பையனே ஏறும்போது விரலால் விளையாடியிருக்கிறான், அவன் கண் உயரத்தில்தானே இருக்கிறது! அன்றிலிருந்து நெம்பைப் பார்த்து நம்புவதில்லை. ஜன்னலை முழுதாக இறக்கிவிட்டு, கதவை மூடி, வெளியில் நின்றபடி கையை உள்ளே விட்டு உள்கைப்பிடியை இழுத்துப் பார்ப்பேன். திறக்காவிட்டால் சரி. வண்டி சர்வீஸிலிருந்து வந்தாலும் இதைச் செய்துவிடுவேன்.

புதிய வண்டியில் ஓட்டுநர் கதவில் பட்டன், அதில் ஒரு விளக்கு. இரண்டு கதவுக்கும் ஒரே அழுத்தில் விழுகிறது. பின்ஜன்னல்களும் சேர்ந்தே பூட்டிக்கொள்கின்றன. வசதிதான், ஆனால் இது எல்லாரையும் பூட்டும். மாமனார் ஒருநாள் பின்னால் இருந்து இறங்க முடியாமல், ஜன்னலையும் இறக்க முடியாமல், கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் அதற்குள் நாலு அடி நடந்துவிட்டேன். "என்னைக் குழந்தைன்னு நினைச்சிட்டீங்களா மாப்பிள்ளை?" என்று சிரித்தார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இப்படி ஜன்னலும் சேர்ந்து பூட்டிய வண்டியில் பின்னால் இருப்பவர் தானாக வெளியே வர எளிய வழி, முன்சீட்டுக்குத் தாவி முன்கதவைத் திறப்பதுதான். முன்கதவுக்குச் சைல்டு லாக் கிடையாது. அதனால் மகனுக்கு இரண்டு விஷயம் பழக்கியிருக்கிறேன்: முன்னால் ஏறி வந்து கதவைத் திறப்பது, முடியாவிட்டால் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பது. என்ஜின் அணைந்திருந்தாலும் எங்கள் வண்டியில் ஹாரன் அடிக்கும், பல வண்டிகளிலும் அப்படித்தான். நிறுத்திய வண்டியில் இரண்டையும் அவனையே செய்ய வைத்துப் பார்த்தேன். முன்கதவு முதல் தடவையே திறந்துவிட்டது, ஹாரனுக்கு மட்டும் இரண்டு கையும் சேர்த்து அழுத்த வேண்டியிருந்தது.

போன மாதம் தம்பி வண்டியை இரண்டு நாள் வாங்கிக்கொண்டு போனான். திரும்பி வந்ததும் வழக்கம்போல் மெனுவைப் பார்த்தேன். `Rear Occupant Alert` அணைந்திருந்தது. கேட்டதற்கு, "சும்மா சும்மா பின்சீட்டைப் பார், பின்சீட்டைப் பார்னு சொல்லிட்டே இருந்துச்சுண்ணா" என்றான். மறுபடி போட்டுவிட்டேன்.