ரத்து செய்தது பேருந்து நிறுவனம், ரத்துக் கட்டணம் பயணியின் தலையில்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டில் ஓர் அனுபவம்

ஆறு ஆண்டுகளாக ஒரே முன்பதிவுச் செயலியில்தான் இரவுப் பேருந்துகளுக்கு இருக்கை எடுத்து வருகிறேன். பணம் செலுத்துவதிலும் பயணச்சீட்டு வருவதிலும் இதுவரை எனக்குப் பெரிய குறை இருந்ததில்லை. குறை தெரிய வந்தது, பேருந்து நிறுவனமே என் இருக்கையை ரத்து செய்த அன்றுதான்.

இரவு 10 மணிக்குப் பேருந்து. மாலை 4 மணியளவில் அந்த நிறுவனத்தின் அலுவலகத்திலிருந்து ஒருவர் அழைத்து, வேறு பேருந்தை மாற்றி விடுவதால் என் இருக்கை அதில் இல்லை என்றும், "நீங்களே செயலியில் கேன்சல் பண்ணிடுங்க சார், முழுப் பணமும் வந்துடும்" என்றும் சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பேச்சை நம்பி நானே ரத்து செய்து, பாதிப் பணத்தை இழந்திருந்தேன். ரத்து செய்யும் பொத்தானை நாம் அழுத்திவிட்டால் அது பயணி செய்த ரத்தாகவே பதிவாகும். தொலைபேசியில் சொன்னது எதுவும் அந்தப் பதிவில் ஏறாது. எனவே இம்முறை மறுத்து, நிறுவனமே ரத்து செய்து குறுஞ்செய்தி அனுப்பட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

4.20க்குக் குறுஞ்செய்தி வந்தது. ஆனால் திரும்பி வரும் தொகை என்று அதில் இருந்தது நான் கட்டியதில் பாதிகூட இல்லை. செயலியில் பயணச்சீட்டைத் திறந்து கணக்கு விவரத்தைப் பார்த்தபோது, பயணக் கட்டணத்தில் 50 சதவீதம் ரத்துக் கட்டணமாகக் கழிக்கப்பட்டிருந்தது. சேவைக் கட்டணமும் காப்பீட்டுத் தொகையும் கணக்கிலேயே சேர்க்கப்படவில்லை. புறப்படும் நேரத்துக்கு 12 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது பயணி ரத்து செய்தால் பாதி பிடிக்கப்படும் என்பது அந்தப் பயணச்சீட்டின் விதி. நிறுவனம் ரத்து செய்த இருக்கைக்கு அந்த விதியையே பொருத்திவிட்டார்கள். முழுப் பயணத்தையும் நிறுத்துவதாகப் பதிந்தால் எல்லோருக்கும் முழுத் தொகை திரும்பியிருக்கும்; ஒற்றை இருக்கையை வழக்கமான ரத்தாகப் பதிந்ததால்தான் என் கணக்கில் கட்டணம் விழுந்தது என்று வாடிக்கையாளர் சேவையில் பேசியவரே பின்னர் விளக்கினார்.

உரையாடல் பெட்டியில் மூன்று நாட்கள் ஒரே பதிலைப் பெற்றபின், பேருந்து நிறுவனத்துக்கும் முன்பதிவுத் தளத்துக்கும் ஒரே கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினேன். இருவரையும் சேர்த்தே எழுதியதற்குக் காரணம் உண்டு. இருக்கையைத் தர வேண்டியவர் ஒருவர், பணத்தைப் பெற்றவர் மற்றொருவர். தனித்தனியாக எழுதினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

"மேற்கண்ட பயணச்சீட்டு எண்ணில் நான் பதிவு செய்த இருக்கை, பயண நாளன்று மாலை 4.20 மணிக்குப் பேருந்து நிறுவனத்தால் ரத்து செய்யப்பட்டது. நான் ரத்து கோரவில்லை; செயலியில் என் கணக்கிலிருந்து எந்த ரத்துக் கோரிக்கையும் பதிவாகவில்லை என்பதைத் தாங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். பயணி ரத்து செய்யும்போது மட்டுமே பொருந்தும் கட்டணத்தை என்னிடமிருந்து பிடித்தது தவறு. எனவே பயணக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி, காப்பீடு உட்பட நான் செலுத்திய முழுத் தொகையிலிருந்து, ஏற்கெனவே திரும்பக் கிடைத்ததைக் கழித்து மீதியைப் பணம் செலுத்திய அதே வழியில் 7 நாட்களுக்குள் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். ரத்து செய்தவர் யார் என்பதைக் காட்டும் தங்கள் பதிவின் நகலையும் தர வேண்டுகிறேன்."

இதற்குக் கீழே கட்டியது, வந்தது, வர வேண்டியது என மூன்று தொகைகளையும் தனித்தனி வரிகளில் எழுதினேன். அழைப்பு வந்த நேரம் தெரியும் அழைப்புப் பட்டியல், 4.20 குறுஞ்செய்தி, கணக்கு விவரம் ஆகியவற்றின் ஸ்கிரீன்ஷாட்களை இணைத்தேன். செயலியில் பழைய பயணங்களின் கணக்கு விவரம் பிற்பாடு சுருங்கிவிடுவதை முன்பு கவனித்திருந்ததால், அவற்றை அன்றைக்கே எடுத்து வைத்திருந்தேன். கடிதத்தில் மன உளைச்சலையோ தவறிய நிகழ்ச்சியையோ எழுதவில்லை. அவை உண்மைதான் என்றாலும், பதில் எழுதுபவர் அதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டுப் பணத்தைப் பற்றிப் பேசாமல் போக அது வழிவிடும்.

கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது என்பது என் எண்ணம். ரத்துப் பதிவைக் கேட்டதும், ஐந்தாம் நாள் ரத்துக் கட்டணம் திரும்பி வந்தது. சேவைக் கட்டணம் திருப்பித் தரத்தக்கதல்ல என்று அப்போதும் எழுதினார்கள். பயணமே நடக்காதபோது எந்தச் சேவைக்கு அது என்று கேட்டு, அதே கடிதத்தின் தொடர்ச்சியாக இரண்டு வரி எழுதினேன். வங்கியில் அந்தத் தொகைக்கு மட்டும் ஆட்சேபம் பதியப்போவதாகவும் தெரிவித்தேன். பதினோராம் நாள் அதுவும் வந்து சேர்ந்தது. காப்பீட்டுத் தொகை மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கான மூன்றாவது மின்னஞ்சலை நேற்று அனுப்பியிருக்கிறேன்.