வேலூரில் ஆஸ்பத்திரி பில், நியூ ஜெர்சியில் கிரெடிட் ஸ்கோர்

அப்பாவின் மூட்டு அறுவை சிகிச்சைக்காக ஜூலை மாதம் வேலூருக்கு வந்திருந்தேன். ஆஸ்பத்திரியின் பில்லிங் கவுன்ட்டரில் வெளிநாட்டுக் கார்டை மறுப்பின்றி வாங்கிக்கொண்டார்கள். ரூபாயில் எடுக்கவா, டாலரில் எடுக்கவா என்று ஸ்வைப்பிங் மிஷின் கேட்டபோது ரூபாய் என்றே அழுத்தினேன். டாலர் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த மிஷின் தரப்பே முடிவுசெய்யும், அது பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான்.

என்னிடம் மூன்று அமெரிக்கக் கார்டுகள் உள்ளன. அவற்றில் ஒன்றுக்குத்தான் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் கிடையாது. மற்ற இரண்டும் 3 சதவீதம் பிடித்துக்கொள்ளும். எனவே முழு பில்லையும் அந்த ஒரே கார்டில் போட்டேன். ஆனால் மூன்றில் லிமிட் மிகக் குறைவானதும் அதுதான். நான் வசிக்கும் நியூ ஜெர்சிக்குத் திரும்பியதும் வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அந்த வங்கி என் கிரெடிட் ஸ்கோரைப் பார்க்கும் என்பதால், அன்று இரவே பாகாயம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதல் கார்டின் லிமிட் 10,000 டாலர், பாக்கி 1,200. இரண்டாவதன் லிமிட் 5,000, பாக்கி 600. ஆஸ்பத்திரி பில் ஏறிய மூன்றாவதன் லிமிட் 3,000, பாக்கி 2,550. மொத்தமாகப் பார்த்தால் 18,000 டாலர் லிமிட்டில் 4,350 டாலர், அதாவது ஏறக்குறைய 24 சதவீதம்தான் பயன்பாடு. மேலோட்டமாக இது மோசமில்லை. ஆனால் ஸ்கோர் போடுகிறவர்கள் மொத்தத்தை மட்டுமின்றி ஒவ்வொரு கார்டையும் தனித்தனியே பார்க்கிறார்கள். மூன்றாவது கார்டு 85 சதவீதத்தில் நின்றது. அமெரிக்காவில் வங்கிகள் பரவலாகப் பார்க்கும் ஃபைகோ ஸ்கோரில் சுமார் 30 சதவீத எடை கடன் நிலுவைகளுக்கு உரியது, பாக்கிக்கும் லிமிட்டுக்கும் உள்ள இந்த விகிதம் அதில் முக்கியமான அங்கம்.

கடைசித் தேதிக்குள் முழுப் பணத்தையும் கட்டிவிட்டால் போதாதா என்று பலர் கேட்பதுண்டு. வட்டியைத் தவிர்க்க அது போதும், விகிதத்துக்குப் போதாது. அமெரிக்காவில் ஸ்டேட்மெண்ட் வந்த பிறகு பணம் கட்டக் குறைந்தது 21 நாள் அவகாசம் உண்டு. பெரும்பாலான வங்கிகளோ ஸ்டேட்மெண்ட் முடியும் நாளில் என்ன பாக்கி இருக்கிறதோ அதையே கிரெடிட் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. ஆகவே கடைசித் தேதியில் நாம் ஒரு காசு விடாமல் கட்டினாலும், அதற்கு முன்பே 85 சதவீதம் என்பது பதிவாகியிருக்கும்.

மூன்றாவது கார்டின் ஸ்டேட்மெண்ட் ஒரு செவ்வாய்க்கிழமை முடிவதாக இருந்தது. என் சேமிப்புக் கணக்கு வேறு வங்கியில் இருப்பதால் பணம் போய்ச் சேர ஒன்றிரண்டு வேலை நாட்கள் ஆகும். சனி, ஞாயிறு கணக்கில் வராது. இங்கே வெள்ளி இரவு 8 மணி என்றால் நியூ ஜெர்சியில் காலை 10:30 என்பதால், அன்றிரவே 2,300 டாலர் அனுப்பினேன். அமெரிக்க எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.க்காக அந்த சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருந்தது கைகொடுத்தது. உள்ளூர் சிம் மட்டும் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் லாகின் பக்கத்திலேயே நின்றுவிடுவார்கள்.

திங்கட்கிழமை பணம் வரவாகியது. பாக்கி 250 டாலர், அதாவது 8 சதவீதத்துக்குச் சற்று மேல். மூன்று கார்டுகளுக்கும் சேர்த்து 11 சதவீதம். மற்ற இரண்டிலும் பாக்கி இருந்ததால் இதைப் பூஜ்யமாக்கியிருந்தாலும் பாதகமில்லை; மூன்றையுமே பூஜ்யமாக்கத்தான் தேவையில்லை. எல்லாக் கார்டுகளும் பூஜ்யம் காட்டுவதைவிட ஏதேனும் ஒன்றில் சிறு பாக்கி தெரிவது ஸ்கோருக்குச் சற்றே நல்லது.

இதை மாதாமாதம் செய்ய வேண்டிய அவசியமில்லை என்பது என் கருத்து. இன்று பரவலாகப் பயன்படும் ஃபைகோ வகைகளில் பழைய மாதத்து விகிதத்துக்கு நினைவே கிடையாது. புதிய பாக்கி பதிவானதும் ஸ்கோர் அதற்கேற்ப மாறிவிடும். கடன் விண்ணப்பத்துக்கு முந்தைய ஓரிரு மாதங்களில் செய்தால் போதும். வங்கி எந்த நாளில் தகவல் அனுப்புகிறது என்பதை annualcreditreport.com தளத்தில் இலவச அறிக்கை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: அதில் அந்தக் கார்டுக்கு எதிரே உள்ள பாக்கியும் தேதியும் ஸ்டேட்மெண்டோடு ஒத்துப்போனால் மேலே சொன்ன வழி செல்லும். ஸ்டேட்மெண்ட் எப்போது முடிந்தாலும் மாதக் கடைசி நிலுவையை அனுப்பும் வங்கிகளும் உண்டு.

காட்பாடியில் இருக்கும் அத்தான் தம்முடைய சிபில் ஸ்கோருக்கும் இதே வழியைப் பின்பற்றலாமா என்று கேட்டார். கார்டு வாரியாகக் கணக்கிடும் முறை அவருக்கும் பொருந்தும், ஆனால் எந்தத் தேதிக்கு முன் கட்டுவது என்ற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2025 ஜனவரி 1 முதல் இங்குள்ள வங்கிகள் மாதம் ஒருமுறை என்றில்லாமல் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்றானது. எனவே ஸ்டேட்மெண்டுக்கு முன் கட்டிவிட்டு, மறுவாரமே அதே கார்டில் நகை வாங்கினால் அந்தப் பாக்கியும் பதிவாகிவிடக்கூடும். வீட்டுக் கடன் கேட்டு விண்ணப்பித்து அது முடியும்வரை பெரிய செலவுகளை லிமிட் அதிகமுள்ள கார்டில் போடும்படி அவரிடம் சொன்னேன்.