அறுபதா எழுபதா: வாஹாகா சந்தையில் இரண்டு வருடம்

அடுத்த மாதம் மெக்சிகோவின் வாஹாகாவுக்கு வரும் நண்பன், பேரம் பேச எந்த ஸ்பானிய வாக்கியம் போதும் என்று கேட்டான். இரண்டு வருடமாக நான் பிழைப்பு நடத்துவது ஒன்றே ஒன்றை வைத்துத்தான்: 'என் குவாந்தோ மெ லொ தேஹா?' எவ்வளவுக்குத் தருவீங்க என்று பொருள். ரவிக்கை மாதிரி பெண்பால் சொல்லாக இருந்தால் 'லொ' போய் 'லா' வரும், அவ்வளவே. 'மூய் காரோ', அதாவது ரொம்ப விலை, என்று ஆரம்பித்தால் முகம் சுருங்கிவிடும். இந்தக் கேள்விக்கோ, கடைக்காரம்மா தானே யோசித்து ஒரு தொகையைச் சொல்வார். நான் தொகையே சொல்ல வேண்டாம். இப்படி ஒரு மரியாதையான வாக்கியத்துக்கு எவ்வளவு மதிப்பெண் கொடுத்தாலும் தகும்.

கஷ்டமெல்லாம் அவர் சொல்லும் பதிலில்தான். அறுபது 'செசெந்தா', எழுபது 'செதெந்தா'. நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை த்லாகோலுலா சந்தையின் இரைச்சலில் அது எங்கே காதில் விழும்?

போன மாதம் ஒரு ரெபோசோ சால்வைக்கு 420 பெசோ சொன்னார்கள். என் வாக்கியத்தைச் சொன்னேன். 'த்ரெசியென்தோஸ் செதெந்தா' என்றார். நான் 360 என்று கேட்டு, எண்ணிக் கொடுத்துவிட்டு, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். பின்னாலிருந்து 'ஃபால்தான் தியெஸ்!' என்று குரல். பத்து குறைகிறதாம். அக்கம்பக்கத்துக் கடைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. விலை குறைத்தவரையே ஏமாற்றப் பார்த்தவனாக நின்றேன். இப்போதெல்லாம் 'செதெந்தா? சியெத்தே, செரோ?' என்று ஏழு, பூஜ்யம் எனப் பிரித்துக் கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுக்கிறேன்.

வேண்டாம் என்று சொல்வதில் சிக்கல் இல்லை. கையை லேசாக உயர்த்தி 'கிராசியாஸ்' என்றால் போதும், அதுவே மறுப்பு. ஒருமுறை சுவைபார்க்க நீட்டிய பாலாடைக்கட்டிக்கு நன்றி சொல்வதாக நினைத்து இதைச் சொன்னேன். தட்டு அப்படியே உள்ளே போய்விட்டது. விலை ஒத்துவரவில்லை என்றால் 'வோய் அ தார் உனா வுவெல்தா', ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன். திரும்பி வரமாட்டோம் என்று இருவருக்கும் தெரியும்.

தக்காளி, மிளகாய்க்கு இதெல்லாம் வேண்டாம். அங்கே விலையைக் குறைக்கச் சொல்லாமல் 'இ மி பிலோன்?' என்று சிரித்தபடி கேள். பிலோன் என்றால் நம்ம ஊர்க் கொசுறேதான். இரண்டு எலுமிச்சையாவது பையில் விழும்.

சரி, நண்பனுக்கு என்ன சொன்னேன்? வாக்கியத்தைக் கட்டாயம் மனப்பாடம் செய் என்றேன். நான் மட்டும் அந்தச் சால்வைக்குப் பிறகு துணிக்கடையில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். பேரம் பேசுவது எலுமிச்சையோடு சரி.