ஹ்யூமா, சியர்லா: ‘இருக்கிறது’ என்பதிலிருந்து ‘வேண்டும்’ வருமா?

தத்துவஞானி டேவிட் ஹ்யூம் 1740-ல் கவனித்தது எளிய விஷயம்தான்: ‘இப்படி இருக்கிறது’ என்று அடுக்கிக்கொண்டே வருகிறவர்கள் சத்தமில்லாமல் ‘இப்படிச் செய்ய வேண்டும்’ என்று தாவிவிடுகிறார்கள். மாட்டுக்கு வலிக்கும், அதனால் அடிக்கக் கூடாது என்கிறோம். நடுவில் ‘காரணமில்லாமல் வலி தருவது தவறு’ என்ற வரி ஒளிந்திருக்கிறது. அது சரியான வரியாகவே இருக்கலாம், ஆனால் மாட்டின் நரம்பை எவ்வளவு ஆராய்ந்தாலும் அந்த வரி கிடைக்காது.

1964-ல் ஜான் சியர்ல் என்ற தத்துவஞானி இதை மறுத்தார்: வெறும் தகவலிலிருந்தே ‘வேண்டும்’ வரும் என்றார். ஸ்மித்துக்கு ஐந்து டாலர் தருவதாக ஜோன்ஸ் வாக்குக் கொடுக்கிறார். இது வெறும் தகவல். வாக்குக் கொடுத்தால் கடமையை ஏற்றதாக அர்த்தம், கடமை இருந்தால், வேறு தடை இல்லாதவரை, தர வேண்டும். அடடே, வந்துவிட்டதே!

எனக்கென்னவோ இதில் ஒரு சிக்கல் இருப்பதாகப் படுகிறது. வெளியூர்க்காரர் ஒருவர் ‘இவர்கள் வழக்கப்படி ஜோன்ஸுக்குக் கடமை உண்டு’ என்று எழுதிவிட்டு, அந்த வழக்கத்தைத் தான் ஏற்காமலே போகலாம், அதில் முரண்பாடே இல்லை. வழக்கத்தை ஏற்றவர்தான் ‘தர வேண்டும்’ என்று சொல்ல முடியும். அந்த ஏற்பு, ஹ்யூம் தேடிய அதே ஒளிந்த வரி.